இரண்டு பந்தயம், இரண்டு ஒப்பந்தம்

கேள்வி: இரண்டு புக்மேக்கர்களின் ஆட்ஸை ஒரு கணினி நிரல் மூலம் ஒப்பிட்டு, வித்தியாசம் இருக்கும் டென்னிஸ் ஆட்டங்களில் இரு பக்கமும் பந்தயம் கட்டுகிறேன். யார் ஜெயித்தாலும் லாபம். நான்கு மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு ஆட்டத்தில் முதல் நிறுவனத்தில் ஒருவர் மேல் 2.10க்கு 4,900, இரண்டாவதில் எதிராளி மேல் 2.02க்கு 5,100 கட்டினேன். எதிராளி இரண்டாவது செட்டில் காயத்தால் விலகினார். முதல் நிறுவனம் "பந்தயம் செல்லாது" என்று 4,900ஐத் திருப்பித் தந்தது. இரண்டாவது நிறுவனம் 5,100ஐ எடுத்துக்கொண்டது. அடுத்து ஒருவர் மேல் 6.50 என்று முதல் நிறுவனம் காட்டியது; 1,000 கட்டி, மற்றதில் எதிராளி மேல் 2.30க்கு 2,826 கட்டினேன். 6.50 ஆள் ஜெயித்தார். "விலைப் பிழை" என்று 1,000ஐ மட்டும் திருப்பினார்கள். இப்போது ஒரு பந்தயத்துக்கு 40க்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். இது மோசடிதானே? வழக்குப் போடலாமா? ரிஸ்க் இல்லாத தொழில் என்பதால் கடன் வாங்கி, மைத்துனர் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கலாம் என்றும் இருக்கிறேன். இரண்டு நிறுவனங்களின் விதிப் பக்கங்களையும் இணைத்துள்ளேன்.

பதில்: முதலில் ஒரு நிபந்தனை. நீங்கள் இருக்கும் இடத்தில் ஆன்லைன் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, அந்த இரண்டு நிறுவனங்களும் உரிமம் பெற்றவை என்று வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் கீழே நான் சொல்லும் உரிமை எதுவும் உங்களுக்குக் கிடையாது. சட்டம் தடுத்த பந்தயத்தின் பணத்தை நீதிமன்றம் வாங்கித் தராது. உங்கள் மேலேயே நடவடிக்கை வரவும் கூடும். அதை உறுதி செய்யாமல் இதற்கு மேல் ஒரு பைசாவும் போடாதீர்கள்.

உங்கள் கணக்கில் தவறில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர் என்பதால்தான் மற்றதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் இதை ஒரே வியாபாரமாகப் பார்க்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது இரண்டு தனி ஒப்பந்தம், இரண்டு தனி ஆட்களோடு. இன்னொரு இடத்தில் எதிர்ப்பக்கம் கட்டியிருக்கிறீர்கள் என்பது முதல் நிறுவனத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ஒப்பந்தம் கலைந்தால் மற்றதும் கலையும் என்று இருவரில் யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மற்ற வாசகர்களுக்காக அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுகிறேன். ஆட்ஸ், அதாவது பந்தயத்தின் விலை, 2.10 என்றால், ஒன்று கட்டினால் ஜெயிக்கும்போது முதலும் சேர்த்து 2.10 திரும்பி வரும். இரண்டு விலைகளின் தலைகீழ்களைக் கூட்டினால் ஒன்றுக்குக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

```
1/2.10 + 1/2.02 = 0.4762 + 0.4950 = 0.9712
```

ஒன்றுக்குக் கீழே இருப்பதால் இடைவெளி இருக்கிறது. மொத்தம் 10,000 போடுவதாக இருந்தால், ஒவ்வொரு பக்கத்தின் தலைகீழையும் 0.9712ஆல் வகுத்து 10,000ஆல் பெருக்கினால் அந்தப் பக்கத்துக்கான தொகை கிடைக்கும்: சுமார் 4,903, 5,097. யார் ஜெயித்தாலும் ஏறக்குறைய 10,296 வரும். நீங்கள் 4,900, 5,100 என்று முழுமையாக்கியிருக்கிறீர்கள். அதனால் ஒரு பக்கம் 290, மறுபக்கம் 302 லாபம். பரவாயில்லை, அந்த வித்தியாசத்தால் எதுவும் கெடாது.

இரண்டு பந்தயத்தையும் ஒரே நொடியில் போட முடியாது. முதலாவது ஏற்கப்பட்ட பிறகு இரண்டாவதின் விலை இறங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரே ஒரு எண்ணைக் கையில் வைத்திருந்தால் போதும். 2.10இலிருந்து ஒன்றைக் கழித்தால் 1.10. 2.10ஐ அதால் வகுத்தால் 1.91. மறுபக்க விலை 1.91க்கு மேலே இருக்கும்வரை நட்டம் இல்லை. அது 1.90க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தயம் தரக்கூடிய 10,290க்கு ஈடாக மறுபக்கம் 5,416 கட்ட வேண்டும். மொத்தம் 10,316 போட்டு 10,290 எடுப்பீர்கள், 26 நட்டம். அந்த 26ஐ அப்போதே கொடுத்துவிட்டு வெளியே வருவதுதான் சரி. "விலை திரும்ப ஏறும்" என்று காத்திருக்கிறவரின் 4,900 வெறும் சூதாட்டமாகத்தான் கிடக்கும். குறைவான தொகையை மட்டுமே ஏற்கும் நிறுவனத்தில் முதலில் போட வேண்டும் என்பதும் இதனால்தான். அங்கே எவ்வளவு ஏற்றார்கள் என்று தெரிந்த பிறகுதான் மறுபக்கத் தொகையை முடிவு செய்ய முடியும்.

இத்தனையும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: இரண்டில் ஒன்று கண்டிப்பாக ஜெயிக்கும். உங்களுக்கு அங்கேதான் சறுக்கியது.

விலகல் விதி

நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். முதல் நிறுவனத்தின் டென்னிஸ் விதி, ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் வெற்றியாளர் மேல் கட்டிய பந்தயம் செல்லாது என்கிறது. இரண்டாவது நிறுவனத்தின் விதி வேறு: ஒரு செட் முடிந்திருந்தால் போதும், அடுத்த சுற்றுக்குப் போகிறவரே வெற்றியாளர். இந்த இரண்டும் புழக்கத்தில் இருக்கும் விதிகள்தான். முதல் பந்து போடப்பட்டாலே செல்லும் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. ஆக, முதல் நிறுவனம் 4,900ஐத் திருப்பித் தந்ததும் சரி, இரண்டாவது நிறுவனம் 5,100ஐ எடுத்துக்கொண்டதும் சரி. இருவரும் எழுதி வைத்தபடிதான் நடந்திருக்கிறார்கள். மோசடி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இந்த 5,100க்காக யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம்.

"துரதிர்ஷ்டம், ஆயிரத்தில் ஒன்று" என்று உங்களுக்குத் தோன்றலாம். விலகியவர் உங்கள் ஆளாக இருந்திருந்தால், முதலாவதில் 4,900 திரும்பி வந்து, இரண்டாவதில் 10,302 கிடைத்து, 5,202 லாபம் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் நீண்ட நாளில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடாதா? ஆகாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் நான்கு மாத லாபத்தில் ஒரு பகுதி உண்மையில் லாபமே இல்லை.

எதிராளிக்கு முழங்காலில் வலி இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும் என்று வைப்போம். இதே நிலையில் 100 ஆட்டம் நடந்தால் 46இல் உங்கள் ஆள் முழு ஆட்டமும் ஆடி ஜெயிக்கிறார், 44இல் எதிராளி ஜெயிக்கிறார், 10இல் எதிராளி நடுவில் விலகுகிறார். விலகினால் ரத்து செய்யும் நிறுவனத்துக்கு அந்த 10 ஆட்டம் கணக்கிலேயே வராது. மீதி 90இல் உங்கள் ஆளுக்கு 46. ஆகவே அவருக்கு நியாய விலை 90/46, சுமார் 1.96. ஒரு செட் போதும் என்னும் நிறுவனத்துக்கு எல்லா 100ம் கணக்கு. அங்கே எதிராளிக்கு 44தான், நியாய விலை 100/44, சுமார் 2.27. இரண்டின் தலைகீழ்களையும் கூட்டுங்கள்:

```
46/90 + 44/100 = 0.5111 + 0.44 = 0.9511
```

உங்கள் நிரல் இதைப் பார்த்ததும் ஐந்து சதவீத ஆர்பிட்ரேஜ், யார் ஜெயித்தாலும் லாபம் தரும் விலை இடைவெளி, என்று மணி அடிக்கும். இத்தனைக்கும் இரண்டு நிறுவனமும் விலையில் ஒரு தப்பும் செய்யவில்லை! 1,000ஐப் பிரித்துப் போட்டால் எதிராளி மேல் 462.6 விழும், முடிந்த 90 ஆட்டத்தில் ஒவ்வொன்றிலும் 51.4 லாபம், மொத்தம் 4,626. விலகிய 10 ஆட்டத்தில் ஒவ்வொன்றிலும் 462.6 நட்டம், மொத்தம் அதே 4,626. மிச்சம் பூஜ்யம். நிஜத்தில் நிறுவனங்கள் நியாய விலையிலிருந்து தங்கள் பங்கைக் குறைத்துத்தான் தருவார்கள், ஆகவே பூஜ்யத்துக்கும் கீழே.

அதாவது விலகல் சந்தேகம் இருக்கும் ஆட்டங்களில் இந்தப் பொய் இடைவெளி தானாகவே தோன்றும். அது தோன்றும்போது எப்போதும் உங்களைத் தப்பான பக்கத்தில்தான் உட்கார வைக்கும்: திடமானவர் மேல் ரத்து செய்யும் நிறுவனத்தில், வலியுள்ளவர் மேல் ரத்து செய்யாத நிறுவனத்தில். நீங்கள் உட்கார்ந்ததும் அங்கேதான். உங்கள் பந்தயத்தில் லாபம் 300 சுமார், விலகினால் நட்டம் 5,100. ஒரு விலகல் பதினேழு வெற்றிகளை விழுங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இரண்டு விதிப்புத்தகத்திலும் 'விலகல்' என்ற பத்தியைத் தேடி, மூன்று வகையில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வகை ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. ரத்தானால் இரண்டும் ரத்தாகும், செல்லுமென்றால் இரண்டும் செல்லும். வகை வேறாக இருக்கும் ஜோடியில் டென்னிஸ் ஆட்டங்களை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பழைய பதிவேட்டையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரே வகை விதியில் கிடைத்தது எவ்வளவு, வேறு வகையில் கிடைத்தது எவ்வளவு என்று தெரியும். இரண்டாவதுதான் அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம்.

40 என்ற வரம்பு

இது எரிச்சலானது, ஆனால் பொதுவாகச் சட்டப்படி சரியானது. ஒரு பந்தயத்தை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. விதிவிலக்குகள் அபூர்வம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல் குதிரைப் பந்தயத்துக்குக் குறைந்தபட்சத் தொகையை ஏற்றே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது. டென்னிஸுக்கு அது பொருந்தாது. ஆனால் வரம்பு வைப்பது வேறு, ஏற்றுக்கொண்ட பந்தயத்தை மறுப்பது வேறு. வரம்புக்கு முன் ஏற்ற பந்தயங்களும், கணக்கில் உள்ள இருப்பும் உங்களுடையவை.

நீங்கள் ஏன் மாட்டினீர்கள் என்றால், மற்ற எல்லோரும் 1.95 தரும்போது 2.10 தரும் நிறுவனத்தில், அந்த விலை இருக்கும் சில நிமிடங்களில் மட்டும் வந்து கட்டிவிட்டுப் போகிறீர்கள். அதைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். 40க்கு என்ன கிடைக்கும்? மறுபக்கம் 41.6 போட்டு, 84 எடுத்து, 2.4 லாபம். அந்தக் கணக்கு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனர் பெயரில் கணக்கு வேண்டவே வேண்டாம். மற்ற விஷயங்களில் இதுவரை சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை, நடுநிலையாகத்தான் இருந்தது. இதைச் செய்த நிமிடம் பொய்த் தகவல் கொடுத்தவர் நீங்கள் என்றாகும். பணம் எடுக்கும்போது அடையாளச் சரிபார்ப்பு வரும், எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்பார்கள், பிடிபட்டால் மொத்த இருப்பையும் முடக்க விதியில் இடம் இருக்கும். அப்போது புகார் கொடுக்கவும் நீங்கள் போக முடியாது, பாவம் அவர்தான் போக வேண்டும். சில இடங்களில் இது ஆள்மாறாட்டக் குற்றமாகவும் பார்க்கப்படும்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வேலையில் பணம் எப்போதும் ஜெயித்த பக்கத்தில் போய்க் குவியும். அங்கிருந்து எடுத்து மறுபக்கம் போட நாட்கள் ஆகும், அந்த நாட்களில் வட்டி ஓடும், இடையில் சரிபார்ப்பு என்று நிறுத்தினால் வாரக்கணக்கில் சிக்கும். முதல் நிறுவனத்தில் 40க்கு மேல் கட்ட முடியாத நீங்கள் கடன் பணத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

6.50 விவகாரம்

இங்கே உங்களுக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது, நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

வெளிப்படையான விலைப் பிழையைச் சரிசெய்யும் உரிமையை ஏறக்குறைய எல்லா நிறுவனமும் விதியில் எழுதி வைத்திருக்கும். எழுதாவிட்டாலும் பழைய ஒப்பந்தச் சட்டக் கொள்கை ஒன்று உண்டு. 1939இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. அர்ஜென்டினா முயல் தோல் விற்றவர் 'ஒரு தோலுக்கு' என்று சொல்ல வேண்டிய விலையைத் தவறுதலாக 'ஒரு பவுண்டு எடைக்கு' என்று எழுதிவிட்டார். வாங்கியவர் அந்த விலைக்கே தந்தாக வேண்டும் என்றார். அந்த வியாபாரத்தில் தோல் எண்ணிக்கைக் கணக்கில்தான் விற்கும், இது பிழை என்று வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உங்கள் வழக்கில் மற்ற நிறுவனங்கள் 1.65 என்று வைத்திருந்த ஆளுக்கு 6.50. கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு 70 லாபம். ஊர் விலையையெல்லாம் ஒப்பிடுவதையே வேலையாக வைத்திருக்கும் நீங்கள் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. உங்கள் நிரலே உங்களுக்கு எதிரான சாட்சி. இரண்டு மூன்று சதவீதம் என்றால் அது விலை வித்தியாசம். பத்தைத் தாண்டினாலே பிழை என்று எடுத்துக்கொண்டு தொடாமல் விடுங்கள். உங்கள் மறுபக்க 2,826 எப்போதும் செல்லும் பந்தயம், ரத்தாவது ஜெயிக்கும் பக்கம் மட்டுமே.

அதற்காக நிறுவனம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் இல்லை. 2021இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஆன்லைன் பிளாக்ஜாக்கில் ஜெயித்த ஒருவர் வழக்கு வந்தது. மென்பொருள் கோளாறு என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய விதிகள் தெளிவாகவும் இல்லை, அவருக்குச் சரியாகக் காட்டப்படவும் இல்லை என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, விதி இருக்கிறதா என்பதோடு நிற்காது. அந்த விதி சரியாக என்ன சொல்கிறது என்பதும் முக்கியம்.

நீங்கள் இணைத்த பக்கத்தின் விலைப் பிழைப் பத்தியைப் பாருங்கள். பிழையான விலையில் ஏற்ற பந்தயம் "பந்தயம் கட்டிய நேரத்தில் இருந்திருக்க வேண்டிய சரியான விலையில் முடிக்கப்படும்" என்கிறது. ரத்து செய்வதாக அதில் எங்கும் இல்லை. அப்படியானால் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியது 1,000 அல்ல. சரியான விலை 1.65 என்றால் 1,650. மீதி 650 உங்கள் பணம்.

இதற்கு வழக்கு வேண்டாம், எழுத்தில் புகார் போதும். பந்தயச் சீட்டின் எண், கட்டிய நேரம், பந்தயம் கட்டிய நாளில் இருந்த விதிப் பக்கத்தின் படம் (இன்றைய பக்கம் மாறியிருக்கலாம், உங்களிடம் பழையது இருப்பது நல்லது), அந்த நேரத்தில் மற்ற நிறுவனங்கள் வைத்திருந்த 1.65 விலையின் பதிவு, இவற்றை இணையுங்கள். 6.50 கேட்காதீர்கள், கேட்டால் மொத்தக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். "உங்கள் விதிப்படி 1.65இல் முடித்து மீதி 650ஐ வரவு வையுங்கள், இல்லையென்றால் உங்கள் இறுதிப் பதிலை எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். அந்த இறுதிப் பதில் முக்கியம், ஏனென்றால் உரிமம் தந்த அமைப்பு அங்கீகரித்த தகராறு தீர்ப்பாயம் பொதுவாக அதைப் பார்த்த பிறகுதான் புகாரை எடுக்கும். பிரிட்டனில் ஐபாஸ் என்ற அமைப்பு அப்படிப்பட்டது. உங்கள் நிறுவனத்துக்கு எது என்பது அவர்கள் பக்கத்தின் அடியில், உரிம எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும்.

கடிதம் அனுப்பும் முன் அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் இருப்பை உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு எடுத்துவிடுங்கள். 650ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு பணம் அங்கே கிடக்க வேண்டாம்.